6/6 பார்வை இருந்தும் பிள்ளைக்குத் தலையிடி ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் தரம் 5இல் படிக்கிறாள். பின்னேர ரியூசன் முடியும் நேரத்தில் நெற்றி இடிக்கிறது என்கிறாள். கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணையும் சுருக்குகிறாள். ஆனால் பாடசாலைப் பரிசோதனையில் இரண்டு கண்ணும் 6/6 என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் கண்ணில் குறை இல்லைத்தானே?

அப்படி முடிவு செய்துவிட முடியாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்குச் செய்யும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில், பிள்ளையை 6 மீற்றர் தூரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மறைத்து, அட்டையிலுள்ள எழுத்துகளை வாசிக்கச் சொல்கிறார்கள். அந்த எழுத்துகளைப் பிள்ளை வாசித்ததா இல்லையா என்பது மட்டுமே அதில் பதிவாகிறது. வாசிப்பதற்குக் கண் எவ்வளவு சிரமப்பட்டது என்பதை அந்த அட்டையால் காட்ட முடியாது.

குறும்பார்வை உள்ள பிள்ளையை இந்தப் பரிசோதனை நன்றாகவே கண்டுபிடிக்கும். அந்தப் பிள்ளைக்குத் தூரத்து எழுத்து மங்கும். எவ்வளவு முயன்றாலும் கீழ் வரிகளை வாசிக்க முடியாது. தப்பிச் செல்வது நீள்பார்வை உள்ள பிள்ளைதான். அதன் கண்கோளம் சற்றுக் குட்டையாக இருப்பதால், இளைப்பாறும் நிலையில் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் குவிகிறது. ஆயினும் கண்ணுக்குள்ளே வில்லையைச் சுற்றியிருக்கும் பிசிர்த்தசை சுருங்கினால் வில்லை தடித்து, பிம்பம் விழித்திரையின் மேலேயே வந்துவிடும். பத்து வயதில் அந்தத் தசை மிகவும் வலுவானது. எனவே அட்டைக்கு முன் நிற்கும் சில நிமிடங்களுக்குப் பிள்ளை எந்தக் குறையும் இல்லாததுபோல் 6/6 வரியை வாசித்துவிடும்.

இது புதிதாக அறியப்பட்ட விடயமும் அல்ல. அந்த எழுத்தட்டையை 1862இல் நெதர்லாந்தின் உத்ரெக்ற் நகரில் உருவாக்கியவர் ஸ்னெல்லன். அதே நகரில் அவருடன் பணியாற்றிய டொண்டர்ஸ், நீள்பார்வையே படிக்கும்போது வரும் கண் களைப்புக்கு அடிக்கடி காரணமாகிறது என்பதை 1864இல் விரிவாக விளக்கிவிட்டார். உங்கள் மகள் சொல்லும் முறைப்பாடு அந்த விளக்கத்துடன் பொருந்துகிறது. ஆகவே அவளை முழுமையான கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தசை சுருங்கிப் பார்வை தெளிவாகிறது என்றால், பிறகு தலையிடி எங்கிருந்து வருகிறது?

அந்தத் தசை ஓய்வின்றி நீண்ட நேரம் வேலை செய்வதிலிருந்து வருகிறது. இதைச் சிறிய கணக்கொன்றின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். வில்லையின் வலுவை டயொப்டர் என்ற அலகால் அளப்பார்கள். உங்கள் மகளின் கண்களில் +3.50 டயொப்டர் நீள்பார்வை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இத்தகைய முறைப்பாட்டுடன் வரும் பிள்ளைகளிடம் காணக்கூடிய அளவுதான் அது.

குறையற்ற கண் தூரத்தைப் பார்க்கும்போது தசை ஓய்வாக இருக்கும். கொப்பியை 33 சென்ரிமீற்றரில் வைத்து வாசித்தால் 3 டயொப்டர் அளவுக்குச் சுருங்கும். உங்கள் மகளுக்கோ கரும்பலகையைப் பார்ப்பதற்கே 3.50 தேவைப்படுகிறது, கொப்பியைப் பார்க்க 3.50உடன் 3 சேர்ந்து 6.50 ஆகிறது. குனிந்து 20 சென்ரிமீற்றரில் எழுதினால் 8.50. பத்து வயதுப் பிள்ளையால் அதிகபட்சமாகத் திரட்டக்கூடிய வலு பொதுவாக 12 டயொப்டருக்குக் குறையாது. எனவே 8.50 என்பது முடியாத அளவல்ல. ஆனால் நீண்ட நேரத்துக்குச் சிரமமின்றிப் பயன்படுத்தக்கூடியது ஏறத்தாழ அதில் பாதி என்றே கொள்கிறோம். தண்ணீர் நிறைந்த வாளியைக் கிணற்றடியிலிருந்து அடுப்படி வரை தூக்கிச் செல்ல ஒரு பிள்ளையால் முடியும். அதே வாளியை மூன்று மணித்தியாலம் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

காலை எட்டு மணிக்குப் பாடசாலையில் தொடங்கும் இந்தச் சுருக்கம், கரும்பலகைக்கும் கொப்பிக்கும் இடையே ஒருபோதும் முழுமையாகத் தளர்வதில்லை. பின்னேரம் ரியூசனில் மாதிரி வினாத்தாள் செய்யும்போது நெற்றியிலும் கண்களைச் சுற்றியும் மந்தமான இடி தொடங்குகிறது. சில பிள்ளைகளுக்கு எழுத்து இடைக்கிடை மங்கித் தெளியும், கண்ணைக் கசக்குவார்கள்.

இதே அளவு குறையுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் தலையிடி வருவதில்லை. சிலர் தசையைச் சுருக்கும் முயற்சியையே கைவிட்டுவிடுவார்கள். அவர்களுக்குத் தலை இடிக்காது, எழுத்து மங்கும். எனவே புத்தகத்தைத் தள்ளிவைப்பார்கள். “படிப்பில் அக்கறை இல்லை” என்று வீட்டிலும் வகுப்பிலும் ஏச்சு வாங்கும் பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விடயம். ஏனென்றால் தலையிடி இல்லாததால் அவர்களைக் கண் வைத்தியரிடம் யாரும் அழைத்து வருவதில்லை.

கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது வெறும் பழக்கமா?

பெரும்பாலும் இல்லை. இமைகளை நெருக்கும்போது கண்ணுக்குள் செல்லும் ஒளிக்கற்றை ஒடுங்குகிறது. ஒடுங்கிய கற்றை விழித்திரையில் விரிந்து பரவாததால் மங்கல் குறைகிறது. பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே இது கைவந்துவிடும். குறும்பார்வையிலும் அஸ்டிக்மாட்டிசத்திலும் இதை அதிகம் காணலாம். அஸ்டிக்மாட்டிசம் என்பது கண்ணின் முன்பகுதியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாததால் ஏற்படும் குறை. நீள்பார்வையுடன் சிறிதளவு அஸ்டிக்மாட்டிசமும் சேர்ந்திருந்தால், தசை எவ்வளவு சுருங்கினாலும் பிம்பம் முழுத் தெளிவு பெறாது. அப்போது ஒரே பிள்ளையிடம் தலையிடியும் கண் சுருக்கமும் சேர்ந்து தோன்றும். குறும்பார்வை மட்டும் உள்ள பிள்ளைக்குத் தூரம் தெரியாது, கண் சுருங்கும், ஆனால் தலையிடி அவ்வளவாக வராது. கொப்பியை அருகில் பார்ப்பது அதற்குச் சுலபமானது.

வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தடித்த அட்டையொன்றில் சுமார் 1 மில்லிமீற்றர் துளையிட்டு, ஒரு கண்ணை மறைத்து, மறுகண்ணால் அந்தத் துளையினூடாகச் சுவர்க் கலண்டரைத் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்கண்ணுக்கு மங்கிய இலக்கம் துளையினூடாகத் தெளிந்தால், அது கண்ணாடியால் திருத்தக்கூடிய குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். தெளியாவிட்டால் வேறு காரணம் இருக்கலாம். அந்தப் பிள்ளையைத் தாமதிக்காமல் கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தூரப்பார்வை ஏற்கெனவே தெளிவாக உள்ள நீள்பார்வைப் பிள்ளையிடம் இந்தச் சோதனை எதையும் காட்டாது.

கருவிழி ஒன்று உள்நோக்கியோ வெளிநோக்கியோ விலகி நிற்கும் மாறுகண் வேறு விடயம். அது அவ்வப்போது மட்டும் தோன்றினாலும் கட்டாயம் காட்ட வேண்டும்.

தலையிடி கண்ணால்தான் வருகிறது என்று நாங்கள் எப்படி அறிவது?

இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முந்திய ஒரு மணித்தியாலம் பிள்ளை என்ன செய்தது, எப்போது நின்றது. கண்ணால் வரும் தலையிடி எழும்பும்போது இருக்காது. வாசிப்பு, எழுத்து, கைத்தொலைபேசி ஆகியவற்றுக்குப் பின்னரே வரும். கண்ணை மூடிப் படுத்தாலோ வெளியில் விளையாடப் போனாலோ குறையும். பாடசாலை விடுமுறையில் பெரும்பாலும் வராது. உங்கள் மகளுக்குச் சனி, ஞாயிறுகளிலும் ரியூசன் இருக்குமானால் அந்த வேறுபாடு மறைந்துபோகும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் தலையிடிகளில் பெரும்பகுதி கண்ணால் வருவதல்ல. காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, தண்ணீர் போதிய அளவு குடிக்காதது, புலமைப்பரிசில் பரீட்சைக்காக விடியற்காலையில் எழுப்பப்படுவது ஆகியவையும் காரணமாகலாம். ஒரு பக்கத்தில் விண் விண் என்று தெறித்து, வாந்தி வருவதுபோல் இருந்து, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் பிள்ளை இருட்டறையில் படுத்தால் அது ஒற்றைத் தலையிடியாக இருக்கலாம். கண்ணாடி அதைக் குணப்படுத்தாது.

பின்வருவன இருந்தால் கண்ணாடி பற்றி யோசிக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்: தலையிடி பிள்ளையை நித்திரையிலிருந்து எழுப்புதல், காலையில் தலையிடியுடன் வாந்தி, பொருள் இரண்டாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், திடீரெனத் தோன்றும் மாறுகண், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் இடி.

கண்ணாடிக் கடையில் கணினிப் பரிசோதனை செய்தோம். −0.50 என்று வந்தது, கண்ணாடியும் செய்து தந்தார்கள். தலையிடி முன்பைவிடக் கூடிவிட்டது. ஏன்?

அந்தக் கருவிக்குள் உற்றுப் பார்க்கும் பிள்ளையின் பிசிர்த்தசை சுருங்கிவிடுகிறது. கருவி அந்தச் சுருக்கத்தையும் சேர்த்தே அளக்கிறது. எனவே உண்மையில் +3.50 உள்ள கண் +1.00 என்றோ, பூச்சியம் என்றோ, சில வேளை மறை எண்ணாகவோ பதிவாகலாம். பெரியவர்களிடம், குறிப்பாக நாற்பது வயதைக் கடந்தவர்களிடம், இந்தப் பிழை சிறியது. பிள்ளைகளிடம் அது மிகப் பெரிதாக இருக்கலாம்.

நீள்பார்வை உள்ள கண்ணுக்கு மறை வில்லை கொடுத்தால் சுமை இன்னும் கூடுகிறது. முன்னர் சொன்ன கணக்கில் கரும்பலகைக்கு 3.50 தேவைப்பட்ட இடத்தில் இப்போது 4.00, கொப்பிக்கு 6.50க்குப் பதிலாக 7.00. ஆனாலும் கடையில் போட்டுப் பார்க்கும்போது எழுத்து சற்றுச் சிறிதாகவும் கறுப்பாகவும் தெரிவதால் பிள்ளை “நல்லாத் தெரியுது” என்று சொல்லிவிடும். அதை நம்பிச் செய்யப்படும் கண்ணாடி, இந்த வயதினர் விடயத்தில் நான் காணும் மிகக் கவலைக்குரிய தவறு. கருவியைக் குறை சொல்லவில்லை. பிள்ளையின் கண்ணுக்கு அந்த அளவீட்டைத் தொடக்கப் புள்ளியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

எளிய முற்சோதனையும் உண்டு. +2.00 வில்லையைக் கண்ணின் முன் வைத்து அட்டையை வாசிக்கச் சொன்னால், குறையற்ற கண்ணுக்குத் தூரம் மங்கிவிடும். அந்த வில்லையினூடாகவும் பிள்ளை கீழ் வரிகளைத் தெளிவாக வாசித்தால், அதற்குள் நீள்பார்வை ஒளிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் கண்ணாடியைப் பிள்ளைக்குப் போடுவதை நிறுத்திவைத்து, துளிமருந்திட்டுச் செய்யும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்தத் துளிமருந்து எதற்கு? கண்ணுக்கு ஆபத்து இல்லையா? எங்கே செய்வார்கள்?

பிசிர்த்தசையைத் தற்காலிகமாகத் தளர்த்துவதற்காக. தசை தளர்ந்துவிட்டால் கண் தன் குறையை மறைக்க முடியாது. பாடசாலை வயதினருக்கு வழக்கமாக 1 சதவீத சைக்ளோபென்ரோலேற் துளி இடப்படும். ஐந்து பத்து நிமிடங்களில் இன்னொரு துளியும் இடுவார்கள். அரை மணி முதல் முக்கால் மணித்தியாலம் காத்திருந்த பின், றெற்றினோஸ்கோப் என்னும் கைக்கருவியால் கண்மணிக்குள் ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளி அசையும் விதத்தைப் பார்த்து, முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து அளப்பார்கள். பிள்ளை வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை. அதே நேரத்தில் விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்த்துவிடலாம். தலையிடியுடன் வரும் பிள்ளைக்கு இந்த இரண்டாவது பயன் மிகவும் பெறுமதியானது.

துளி விட்டவுடன் எரியும். பின்னர் கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும். கிட்டப் பார்வை ஏறத்தாழ ஒரு நாள் மங்கலாக இருக்கும். ஆகவே மறுநாள் பரீட்சை உள்ள நாளில் இதைச் செய்விக்க வேண்டாம். திரும்பிச் செல்லும்போது வெயிலுக்குத் தொப்பியோ குடையோ கொண்டுவாருங்கள். பிள்ளை தானே சைக்கிள் ஓடிச் செல்லக் கூடாது. சில பிள்ளைகளுக்கு முகம் சிவப்பதோ தூக்கக் கலக்கமோ ஏற்படலாம். அது தானாக நீங்கும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் துளி இடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கும் மாறுகண் உள்ளவர்களுக்கும் சில வேளை அற்ரோபின் பயன்படுத்துவார்கள். அதன் விளைவு ஒரு கிழமைக்கு மேலும் நீடிக்கும்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவை அணுகலாம். அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் கண் கிளினிக் நடைபெறும் நாளையும் விசாரியுங்கள். பாடசாலைப் பரிசோதனை அட்டையையும் பழைய கண்ணாடியையும் தலையிடிக் குறிப்புக் கொப்பியையும் கொண்டு செல்லுங்கள்.

துளிமருந்தில் +3.50 என்று கண்டார்கள், ஆனால் கண்ணாடி +2.50தான் எழுதியிருக்கிறார்கள். அதுவும் போட்டால் தூரம் மங்குகிறது என்கிறாள். பிழையான கண்ணாடியா?

பெரும்பாலும் பிழையில்லை. துளியால் தசை முற்றாகத் தளர்ந்திருந்தபோது கண்ட அளவு 3.50. அன்றாட வாழ்வில் தசை ஓரளவு இறுக்கத்துடனேயே இருக்கும். முழு அளவையும் கொடுத்தால் தூரப்பார்வை மங்கி, பிள்ளை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடும். மாறுகண் இல்லாத பிள்ளைக்குச் சற்றுக் குறைத்து எழுதுவது வழக்கமானது. +2.50 கண்ணாடியுடன் கரும்பலகைக்கு 1.00, கொப்பிக்கு 4.00 மட்டுமே தேவைப்படும். 6.50 இருந்த இடத்தில் 4.00 என்பது அவளது வலுவில் பாதிக்குள் நன்றாக அடங்குகிறது. கண் உள்நோக்கித் திரும்பும் பிள்ளைக்கு மட்டும் இப்படிக் குறைப்பதில்லை. முழு அளவும் வேண்டும்.

பல ஆண்டுகளாகச் சுருங்கிப் பழகிய தசை உடனே தளராது. அதனால் முதல் ஒன்றிரண்டு கிழமை தூரம் சற்று மங்கலாம். பாடசாலையிலும் ரியூசனிலும் வீட்டுப்படிப்பிலும் விடாமல் போடச் செய்யுங்கள். போட்டும் கழற்றியும் இருந்தால் அந்தக் காலம் நீளும்.

மூன்று கிழமைக்குப் பிறகும் தூரம் தெளியாவிட்டால், அல்லது பிள்ளை கண்ணாடிக்கு மேலாகவோ தலையைச் சாய்த்தோ பார்த்தால், வில்லையைச் சரிபார்க்க வேண்டும். அஸ்டிக்மாட்டிசத்துக்கான கோணம் மாறி வெட்டப்பட்டிருக்கலாம். வில்லைகளின் மையம் கண்மணிகளுக்கு நேராக அமையாதிருக்கலாம். சட்டகம் பெரிதாகி மூக்கில் வழுகலாம். வளரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு வரட்டும் என்று பெரிய சட்டகம் வாங்குவது வீண்செலவு. வில்லை எளிதில் உடையாத பொலிகாபனேற்றாக இருப்பது நல்லது.

கண்ணாடி போட்டால் கண் அதற்கே பழகிவிடும் என்கிறார்கள். பொன்னாங்காணியும் கரட்டும் கொடுத்தால் போதாதா?

பொன்னாங்காணி வறை பிள்ளைக்கு நல்ல சாப்பாடு, கொடுங்கள். விற்றமின் ஏ குறைபாட்டால் வரும் மாலைக்கண்ணுக்குக் கீரையும் கரட்டும் உதவும். கண்கோளம் குட்டையாக இருப்பதை எந்தக் கீரையும் மாற்றாது. கண்ணாடி கண்ணைப் பலவீனப்படுத்துவதுமில்லை. கழற்றியதும் முன்பைவிட மங்கலாகத் தெரிவது, தசை இப்போது தளர்ந்திருப்பதால்தான்.

ஆறு கிழமையாக ஒழுங்காகக் கண்ணாடி போடுகிறான். தலையிடி அப்படியே இருக்கிறது. இனி என்ன செய்வது?

கண்ணாடி சரியாக வெட்டப்பட்டிருப்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அது சரியென்றால், தலையிடிக்குக் காரணம் கண்ணல்ல என்று ஏற்றுக்கொண்டு பிள்ளைநல வைத்தியரிடம் செல்ல வேண்டிய நேரம் இது. 0.25, 0.50 போன்ற மிகச் சிறிய அளவுகளுக்குக் கண்ணாடி போட்டுவிட்டுத் தலையிடி மாறும் என்று மாதக் கணக்கில் காத்திருப்பது சரியல்ல. அந்த அளவு குறை தலையிடியே இல்லாத எத்தனையோ பிள்ளைகளிடமும் இருக்கிறது. இரண்டு கண்களும் ஒரு புள்ளியில் சேர்ந்து குவிவதில் உள்ள தளர்ச்சியும் வாசிக்கும்போது தலையிடி தரலாம். பிள்ளையின் மூக்கை நோக்கிப் பென்சில் முனையொன்றைக் கொண்டுவந்து கண் வைத்தியர் அதைப் பார்த்திருப்பார், பார்க்காவிட்டால் கேளுங்கள். அதற்குச் சிகிச்சை கண்ணாடியல்ல, பயிற்சி.

இவளுக்கு நான்கு வயதில் தம்பி இருக்கிறான். அவன் ஒன்றும் சொல்வதில்லை. அவனையும் காட்ட வேண்டுமா?

ஆம், காட்டுங்கள். நீள்பார்வை குடும்பத்தில் தொடர்வதுண்டு. அளவு அதிகமாக இருந்தால் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் ஒரு கண் உள்நோக்கித் திரும்பத் தொடங்கலாம். இரண்டு கண்களின் அளவும் வேறுபட்டிருந்தால் மூளை தெளிவான கண்ணையே பயன்படுத்தி, மற்றதைக் கைவிட்டுவிடும். அதையே சோம்பற் கண் என்கிறோம். அந்தப் பிள்ளைக்குத் தலையிடி வராது, கண்ணும் சுருங்காது, ஒரு கண்ணால் ஓடி விளையாடும். ஏழு வயதுக்கு முன் கண்ணாடியும், நல்ல கண்ணை மறைக்கும் சிகிச்சையும் தொடங்கினால் பார்வை மீள்வது எளிது. வயது ஏற ஏறக் கடினமாகிறது. எழுத்து தெரியாத பிள்ளைக்குப் படங்களைக் கொண்ட அட்டையைப் பயன்படுத்துவார்கள். வீட்டில் விளையாட்டாக ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது பேசாமல் இருந்து, மற்றக் கண்ணை மறைக்கும்போது மட்டும் உங்கள் கையைத் தட்டிவிட்டு அழுதால், அடுத்த கிளினிக் நாளுக்கே அவனைக் கொண்டு செல்லுங்கள்.